சன்னாசி மறைச்ச குசினி

சன்னாசி அண்ணனைப் பத்தி யாராவது "நல்ல மனுசன்"னு ஆரம்பிச்சா எனக்குக் குமட்டிக்கிட்டு வரும். நல்ல மனுசன்தான், இல்லேன்னு யாரு சொன்னா? முப்பத்தொன்பது வருசம் ஒரே தோட்டத்துல டிராக்டர் ஓட்டி, ஒரு வார்னிங் லெட்டர் கூட வாங்காம ரிட்டையர் ஆனவரு. அந்த நல்ல புத்திதான் கடைசியில என்ன பண்ணுச்சுன்னு நான் பார்த்தேன்.

நான் ரதி. மலேசியாவுல, சிரம்பான் ஊரு தெமியாங்குல வக்கீல் சிவசிதம்பரம் ஐயா ஆபீஸ்ல கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. பதினேழு வருசமா அடுத்தவங்க கஷ்டத்தை டைப் அடிச்சு அடிச்சு விரல் நுனி மரத்துப் போச்சு.

சுவா பக்கத்துல இருக்கிற அந்தத் தோட்டத்துல பன்னெண்டு வீட்டுக்காரங்க எங்ககிட்ட வந்தாங்க. எல்லாரும் ரிட்டையர் ஆன பழைய வேலைக்காரங்க, கம்பெனி கட்டின லயத்து வரிசை வீடுகள்லயே தங்கிட்டவங்க. கம்பெனி செம்பனை மரத்தையெல்லாம் வெட்டிட்டு தாமான் கட்டி, புது வீடுங்களை விக்கப் போகுது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி உயர் நீதிமன்றத்துல மனு போட்டிருந்தாங்க. சாட்சி விசாரணையே இல்லாம, வெறும் பத்திரத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கேக்குற சுருக்கு வழி. தலைவரா வந்தவரு பதினாலாம் நம்பர் வீட்டு சன்னாசி அண்ணன். வயசு அறுபத்தொண்ணு, இடது கையில ரெண்டு விரல் பாதிதான் இருக்கும். பேசும்போது அந்தக் கையைப் பின்னால மறைச்சுக்குவாரு.

கம்பெனி வக்கீல் கையில பலமான ஆயுதம் இருந்துச்சு. பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒண்ணுல கொஞ்ச வருசத்துக்கு முன்னால நடந்த வழக்கு. அங்கேயும் ரிட்டையர் ஆனவங்க, அங்கேயும் லயம். "வேலைக்காகக் கொடுத்த வீடு. வேலை முடிஞ்சா அனுமதியும் முடிஞ்சுது. அதுக்கு அப்புறம் இரக்கப்பட்டு விட்டு வைச்சாலும், எப்ப வேணும்னாலும் கிளம்பச் சொல்லலாம்"னு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிடுச்சு. மேல் கோர்ட்டு சொன்னது கீழ் கோர்ட்டைக் கட்டுப்படுத்தும். சிரம்பான் நீதிபதி அது தப்புன்னு நினைச்சாலும் மீற முடியாது.

எங்க ஆளுங்க என்ன பண்ணாங்க தெரியுமா? பிளாஸ்டிக் பை பையா காகிதம் கொண்டாந்து என் மேசையில கொட்டினாங்க. தாத்தா கப்பல் ஏறி வந்த சீட்டு, கோயில் நன்கொடை ரசீது, பிள்ளைங்க ரிப்போர்ட் கார்டு. ஒரு பையில இருந்து செத்த கரப்பான் விழுந்துச்சு. சீ! சாப்பிட்டுக்கிட்டு இருந்த நாசி லெமாக் சோத்தை அப்படியே மூடி வைச்சேன்.

"பகாவ்ல இருபது வருசம்தானே இருந்தாங்க, நாங்க முப்பத்தஞ்சு வருசம்லா"ன்னாரு ஒருத்தரு. "அது ரப்பர் தோட்டம், இது செம்பனை"ன்னாரு இன்னொருத்தரு.

சிவசிதம்பரம் ஐயா கண்ணாடியைக் கழட்டிட்டு, அவரோட யாழ்ப்பாணத் தமிழ்ல சொன்னாரு: "வித்தியாசம் ஆயிரம் இருக்கும். அங்க வெள்ளை பெயிண்ட், இங்க பச்சை பெயிண்ட் என்றும் சொல்லலாம். அந்தத் தீர்ப்பு எந்தக் காரணத்தில நிக்குதோ, அந்தக் காரணத்தை அசைக்கிற வித்தியாசம்தான் எனக்கு வேணும். அங்க சனங்கள் வெறும் அனுமதியில இருந்தவை. அதனாலதான் தோத்தவை. இங்க அனுமதியோட வேற ஏதும் இருக்கா?"

"நாங்க கம்பெனிக்கு விரோதமா ஒண்ணும் பண்ணலைங்க ஐயா. வீட்டுல ஒரு ஆணி கூட மாத்தி அடிச்சதில்லை"ன்னாரு சன்னாசி அண்ணன், ரொம்பப் பெருமையா. மத்தவங்களும் தலையாட்டினாங்க. அதையே பன்னெண்டு சத்திய வாக்குமூலத்துலயும் டைப் அடிச்சேன். ஒண்ணை அடிச்சு, பேரையும் ஐ.சி. கார்டு நம்பரையும் மாத்தி மாத்தி பன்னெண்டு. எங்க தொழில்ல அப்படித்தான்.

ஐயா அந்த டிராஃப்டைப் படிச்சிட்டு முகத்தைச் சுளிச்சாரு. "ரதி, இது அப்படியே பகாவ் வழக்கு. கம்பெனி வக்கீலே இதைவிட நல்லா எழுதித் தர மாட்டார். கையெழுத்து வாங்க முன்னம் நீர் போய் வீடுகளைப் பாரும். ஒவ்வொரு வீடும் பாரும்."

போனேன். நல்ல வெயில். செம்பனைப் பழம் அழுகின வாடை, அடைச்ச சாக்கடை, நாயி, சேறு. தண்ணி லோரி வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருதாம். மனுசன் குடியிருக்கிற இடத்தை இப்படி வைச்சிருக்கிற கம்பெனிக்கு வக்கீல் வைக்க மட்டும் வசதி இருக்கு. தூ!

பதினாலாம் நம்பர் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் நின்னுட்டேன். முன்பக்கம் பழைய பலகை வீடு. பின்பக்கம் செங்கல் சுவரு, சமைக்கிறதுக்கு டைல்ஸ் போட்ட குசினி, ஓடு போட்ட குளியலறை.

"இது யாரு கட்டினது அண்ணே?"

"கம்பெனி கட்டிக் கொடுத்ததும்மா."

"கம்பெனி இந்த ரோசாப்பூ டைல்ஸ் வாங்கிக் கொடுத்துச்சா?"

அவரு கையைப் பின்னால மறைச்சுக்கிட்டாரு. அவரு சம்சாரம் வள்ளியம்மாவுக்குத்தான் பொறுக்கல. "போதும்யா உன் பொய்யி! அந்த டைல்ஸ் நான் சிரம்பான்ல நாலு கடை ஏறி வாங்கினது. அம்பது வயசுல நீ எடுத்த ஈ.பி.எஃப் சேமிப்புல பாதி இங்கதான் கெடக்கு. சொல்லு அந்தப் பொண்ணுகிட்ட!"

அப்புறம்தான் கதை வந்துச்சு. ஒன்பது வருசத்துக்கு முன்னால புயல் மழையில மரம் விழுந்து வீட்டுப் பின்பக்கம் நொறுங்கிடுச்சு. அப்ப மேனேஜரா இருந்த யோகேந்திரன் தொரை வந்து பார்த்துட்டு, "கம்பெனி செலவு பண்ணாது சன்னாசி. நீயே நல்லாக் கட்டிக்க. நீயும் உன் சம்சாரமும் இருக்கிற வரைக்கும் இது உங்களுக்குத்தான்"ன்னு சொல்லியிருக்காரு. சொன்னதோட விடாம, கம்பெனி டிராக்டர்லயே மணல் ஏத்திக்கச் சொல்லியிருக்காரு. அவரு இப்ப உயிரோட இல்ல.

"ஏன்ணே இதை மறைச்சீங்க? எங்களுக்கு இதுதானே வேணும்!"

"லயத்து வாசல்ல போர்டு பார்த்தியாம்மா? கட்டடத்துல மாத்தம் பண்ணக் கூடாதுன்னு போட்டிருக்கு. கோர்ட்டுல போயி நானே சட்டத்தை மீறினேன்னு சொல்லணுமா? முப்பத்தொன்பது வருசத்துல ஒரு வார்னிங் லெட்டர் வாங்கினதில்ல நான்."

எனக்கு அவரு சட்டையைப் பிடிச்சு உலுக்கணும் போல இருந்துச்சு. எவனோ அடிச்ச போர்டுக்குப் பயந்து, தன்னைக் காப்பாத்துற ஒரே விசயத்தைக் குழி தோண்டிப் புதைச்சு வைச்சிருக்காரே! இப்படி அடங்கி அடங்கியே போன ஒரு சனம். அருவருப்பா இருந்துச்சு, சத்தியமா.

அத்தாட்சி வேணுமே. டிராக்டர் ஓட்டுறவங்க எழுதுற டிரிப் புக்கோட கார்பன் நகலை அவரு பெட்டியில அடுக்கி வைச்சிருந்தாரு. மூணு மணி நேரம் தேடினோம். கிடைச்சிது: "மணல், பதினாலாம் வீடு, மேனேஜர் உத்தரவு", பக்கத்துல யோகேந்திரன் தொரை கையெழுத்து. மூணு நாள், மூணு டிரிப்.

கிளம்பும்போது கேட்டேன்: "மத்தவங்க யாராச்சும் இப்படிக் கட்டியிருக்காங்களாண்ணே?"

"இல்லம்மா. யாரும் ஒண்ணும் கட்டல."

ஒவ்வொரு வீடும் பாருன்னு ஐயா சொன்னாரு. நான் சன்னாசி அண்ணன் சொன்னதை நம்பிட்டு பஸ் ஏறிட்டேன். உடம்பெல்லாம் வேர்வை நாத்தம், காலெல்லாம் சேறு. வீட்டுக்குப் போயி குளிக்கணும், அவ்வளவுதான் மனசுல.

சன்னாசி அண்ணன் வாக்குமூலத்தைப் புதுசா எழுதினோம். மத்த பதினொண்ணும் பழைய மாதிரியே கையெழுத்தாகிப் போச்சு.

விசாரணையில கம்பெனி வக்கீல் வாசனைத் திரவியம் மணக்க எழுந்து நின்னாரு. பகாவ் சனங்களும் கூரை ஒட்டினாங்க, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாங்க, அவங்களும் செலவு பண்ணவங்கதான், அப்படியும் தோத்தாங்க, ரெண்டு வழக்கும் ஒண்ணுதான்னாரு. பேச்சு வெண்ணெய் மாதிரி வழுக்கிச்சு.

சிவசிதம்பரம் ஐயா அதே தீர்ப்பை எடுத்து, ஒரு பத்தியை வாசிச்சாரு. பகாவ்ல அந்தச் சில்லறை ரிப்பேரைக் கம்பெனிக்குத் தெரியாம, தங்களோட வசதிக்காகத் தாங்களே பண்ணிக்கிட்டாங்கன்னு அந்த நீதிபதிகளே எழுதியிருந்தாங்க. "அந்தத் தீர்ப்பு தப்பென்று நான் சொல்ல வரேல்லை. அது கட்டுப்படுத்தும், ஏற்கிறேன். ஆனா அங்க கம்பெனி வாக்குக் கொடுக்கேல்லை. இங்க மேனேஜர் கட்டச் சொன்னார், இருக்கலாமென்றார், கம்பெனி டிராக்டரையே கொடுத்தார். அதை நம்பி இவர் தன் பணத்தைக் கொட்டினார். நம்ப வைச்சவன் பிறகு சும்மா கிளம்பு என்று சொல்லேலாது. அந்தக் கேள்வி பகாவ் வழக்கில எழவே இல்லை"ன்னாரு.

ரெண்டு வாரம் கழிச்சுத் தீர்ப்பு. பதினாலாம் வீட்டுக்கு பகாவ் வழக்கு பொருந்தாது, வாக்குக் கொடுத்தாங்களா இல்லையான்னு சாட்சி வைச்சு விசாரிக்கணும், சுருக்கு வழியில காலி பண்ண வைக்க முடியாதுன்னு சொல்லி, அவரு மேல போட்ட மனுவைத் தள்ளினாரு நீதிபதி. கம்பெனிக்கு வேணும்னா புதுசா வழக்குப் போடணும். மத்த பதினொரு வீட்டுக்கும் பகாவ் வழக்குக்கும் ஒரு வித்தியாசமும் காட்டப்படலையாம். அறுபது நாள்ல காலி பண்ணணும்.

வெளியில வராந்தாவுல அழுகையும் மூக்குச் சிந்துறதும். ஒன்பதாம் வீட்டு தாயம்மா அக்கா என்கிட்ட வந்தாங்க. பூச்சி மருந்து அடிக்கிற வேலை பார்த்து இருமல் பிடிச்சவங்க, புருசன் இல்ல, தனிக்கட்டை. "தீர்ப்புல சன்னாசிக்கு மட்டும் என்னம்மா தனியா?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். தொரை கட்டச் சொன்னது, மணல், செலவு, எல்லாம்.

அந்தம்மா என் கையைப் பிடிச்சாங்க. "அதே தொரைதானே என்னையும் கட்டிக்கச் சொன்னாரு. அதே மரம்தானே என் வீட்டு மேலயும் விழுந்துச்சு. நானும்தான் கடன் வாங்கிக் குசினி கட்டினேன்."

ஐயாகிட்ட ஓடினேன். அவரு தலையை ஆட்டினாரு. "அப்பவே கையில இருந்த சங்கதியை, தோத்த பிறகு கொண்டு வந்தா மேல் கோர்ட் எடுக்காது ரதி. தேடியிருந்தா கிடைச்சிருக்கும் என்று கேப்பினம்." என்னைத் திட்டல. திட்டியிருந்தாலாவது பரவாயில்ல. எனக்கு என்மேலேயே வந்த அருவருப்பு, இன்னிக்கு வரைக்கும் எத்தனை தடவை குளிச்சாலும் போகல.

திரும்பி வந்தா, சன்னாசி அண்ணன் தாயம்மா அக்கா பக்கத்துல பெஞ்சில உக்காந்திருந்தாரு. அவங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

"இந்தப் பொண்ணு என்கிட்ட நேராவே கேட்டுச்சுக்கா, வேற யாரு கட்டினதுன்னு. உன் குசினியைப் பத்தி நான் மூச்சு விடல. உன்னைக் காட்டிக் கொடுப்பேனா நானு?"