சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம்

புருஷன் நஞ்சப்பனைக் காரிலிருந்து செவ்வந்தி தரதரவென்று இழுத்து இறக்கினாள் என்று கிணத்துக்கடவில் பேசுகிறார்களே, அதில் ஒருத்தராவது அங்கே நின்று பார்த்தார்களா? இழுக்கவில்லை. தோள் கொடுத்துத்தான் இறக்கினாள்.

வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த மனுஷன். வாரம் மூன்று தடவை கோயமுத்தூர் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தால் நடை திரும்பும், இந்த வருஷத்தை விட்டால் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் படியில் அவனை ஏற்ற முடியவில்லை. வாடகைக் கார் கட்டுப்படியாகவில்லை. அதற்காகத்தான் ஐம்பது வயதில் வண்டி ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கினாள். எருமைகளை விற்ற காசும் சீட்டுப் பணமுமாக இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அதோடு புருஷனையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு, மதுக்கரையில் பழைய கார் விற்கும் கிருபாசங்கரிடம் போனாள்.

வெள்ளைக் கார். விலை இரண்டு அறுபத்தைந்து. நஞ்சப்பனை முன்சீட்டில் உட்காரவைத்து ஏசியும் போட்டுவிட்டான் கிருபாசங்கர்.

"டயரு மொழுக்குன்னு கெடக்குதுங்க. இன்சூரன்சும் அடுத்த மாசம் முடியுது," என்றாள் செவ்வந்தி.

கண்ணாடி அறைக்குள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பேசிப் பேசி இரண்டு முப்பதுக்கு இறங்கினான். அவள் பைக்குள் கைவிட்டதும், "அக்கா, அது லோன் போட்டா வர்ற ரேட்டுங்க. ரொக்கம்னா பழைய வெலைதானுங்க," என்றான்.

"கையில காசு இருக்கறவளுக்கு வெல ஜாஸ்திங்களா?"

"லோன்லதானுங்கக்கா எங்களுக்குக் கமிஷனு. ஒன்றரை லட்சம் லோன், நாலு வருசம், மாசம் நாலாயிரத்து எண்ணூத்திச் சொச்சம். வாரண்டியும் பெயிண்டு கோட்டிங்கும் சேத்துக்கலாம், தனியா இருவத்தேழாயிரம்."

"பெயிண்ட பூசியா அவரு நடக்கப்போறாரு? சரி, லோனு போட்டு அடுத்த மாசமே கட்டி முடிச்சர்றேன்."

"ஆறு மாசத்துக்கு முந்தி முடிக்க உடமாட்டாங்க. அதுக்கப்புறம் முடிச்சாலும் அபராதம் உண்டுங்க."

அவள் விடவில்லை. கோட்டிங் வேண்டாம், வாரண்டி வேண்டாம், ரொக்கமாக இரண்டு நாற்பது என்று ஒரே பிடியாக நின்றாள். அவனும் தாடையைச் சொறிந்தான். இறங்கிவிடுவான் போலத்தான் இருந்தது.

நம்பிக்கை வரட்டும் என்று பணத்தை வெளியே எடுத்தாள். அதோடு, சக்கரத்துக்கு வைக்கக் கொண்டுவந்த நாலு எலுமிச்சம்பழமும் மேசையில் உருண்டன.

கிருபாசங்கர் பழத்தைப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முன்சீட்டில் இருந்தபடியே டேஷ்போர்டைத் தடவிக்கொண்டிருந்த நஞ்சப்பனைப் பார்த்தான். நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"பூசைக்கே வந்துட்டீங்க. நல்ல நேரம் போறதுக்குள்ள லோனுக்குக் கையெழுத்துப் போட்டுருங்க."

அதற்குமேல் ஒரு ரூபாய் இறங்கவில்லை.

கணக்கு அவளுக்குப் புரிந்தது. கையில் எண்பதாயிரம் கொடுத்து, மாதாமாதம் கட்டி, மூன்று லட்சத்துக்கு மேல் அழ வேண்டும்; ஆறு மாதத்தில் முடித்தாலும் வட்டியும் அபராதமுமாக இருக்கிற காசுக்கு மேல் போய்விடும். தவணை கட்டினால் பயிற்சிக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. வண்டி இருக்கும், போக இடம் இருக்காது.

கார்க் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க, போலாம்."

"எறங்கோணுமா?" என்றான் நஞ்சப்பன், குளறிய வாயால்.

அவள் குனிந்து தோளைக் கொடுத்தாள். பழத்தை அந்த மேசையிலேயே விட்டுவிட்டு, அவன் காலை ஒவ்வொரு அடியாக நகர்த்திவைத்து, வாசலைத் தாண்டினாள்.