ஜஸீலாவின் இண்டிகேட்டர்

ஜஸீலாவுக்கு நாற்பத்து நான்கு வயது. நாகூரில் பிறந்து, திருவாரூரில் குடியிருப்பவள். படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது அவள் வேலை. வேலையைப் பிரித்துக் கொடுப்பது நான். அவளுக்கு ஆறு வீடு. பாதி வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கம். மதியத்துக்கு மேல் அங்கே பஸ் கிடையாது.

பதினைந்து வருஷ ஸ்கூட்டருக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போனவளை ஆர்.டி.ஓ. அலுவலக அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறதாம். மூன்று மணிக்குள் சரி செய்து கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம். அதுவரை வண்டி ஓட்ட முடியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பஞ்சநதம் ஐயாவின் கால் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும். எனக்கு வேறு ஆளில்லை. நானும் கூடப் போனேன்.

மெக்கானிக் இளையபெருமாள் வண்டியைப் பார்த்தார். "ஒரு பல்பு போயிருக்கும்மா."

"நாலும் எரியுதுண்ணே. ரெண்டு பக்கமும் ஒரே வேகம்" என்றாள் ஜஸீலா. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, நாடி பிடிப்பதுபோல் எண்ணினாள். "பதினஞ்சு செகண்டுல நாப்பது. நிமிஷத்துக்கு நூத்தி அறுபது. அறுபதுக்கும் நூத்தி இருபதுக்கும் நடுவுல இருக்கணும்."

"ஜுரம் பார்க்கற மாதிரில்ல பார்க்கறீங்க."

"போன மாசம் நீங்கதானே எல்இடி மாட்டுனீங்க. அதிலேருந்துதான்."

அவர் தலையைச் சொறிந்தார். எல்இடி குறைவாகக் கரண்ட் இழுக்கும். விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய ரிலே, பல்பு போய்விட்டதென்று நினைத்து வேகமாக அடிக்கிறது. எல்இடிக்கு ஏற்ற ரிலே வேண்டும். பக்கத்துக் கடையில் கிடைத்தது.

முன்பக்க மூடியைக் கழற்றி, பழைய ரிலே இருந்த கறுப்பு டப்பியைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகினார். அதிலிருந்து கூடுதலாக வந்த எர்த் ஒயரைச் சட்டத்தின் போல்ட்டில் முடுக்கினார். சாவியைத் திருப்பி சுவிட்சைத் தட்டினால் ஒன்றும் எரியவில்லை. மணி ஒன்றே முக்கால்.

"ரிலேவே கோளாறா?" என்றேன்.

"பொறுங்கம்மா." பிளக்கைக் கழற்றி, டெஸ்ட் லேம்ப்பை ஒவ்வொரு ஒயரிலும் வைத்தார். சாவி போட்டதும் லேம்ப் எரிந்த ஒயர்தான் பேட்டரியிலிருந்து வருவது. அது புதிய ரிலேயின் B முனைக்குப் போக வேண்டும்; விளக்குக்கான L முனைக்குப் போயிருந்தது. "இதுல காலு மாறி வருது. பார்க்காம சொருகிட்டேன்."

"எங்க வேலையில இப்படி மாத்துனா என்ன ஆகும் தெரியுமாண்ணே?"

"அதான் உங்ககிட்ட யாரும் ஸ்கூட்டர் தர்றதில்ல."

ஒயர் இரண்டையும் இடம் மாற்றிச் செருகினார். அடித்தது. ஜஸீலா வலப்பக்கம் எண்ணினாள், இருபத்தொன்று. இடப்பக்கமும் இருபத்தொன்று. நானும் ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினேன். எண்பத்து நாலு.

இரண்டரைக்கு அலுவலகம். அதிகாரி இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டார். நான் பஸ் ஏறப் போனேன். ஜஸீலா ஹெல்மெட்டை மாட்டி, வலப்பக்கம் சிக்னல் போட்டு, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் தாண்டும்வரை நின்று, பஞ்சநதம் ஐயா வீட்டை நோக்கித் திரும்பினாள்.