வரிசையில் நின்ற நூற்று அறுபத்தொரு பேர்

ஜூன் 9, திங்கள். மாணவர் மன்றத் தலைவர் பதவிக்கு வேட்புமனு. வேட்பாளர் இருவர்.
ஜூன் 16 முதல் 19 வரை. பிரச்சாரம்.
ஜூன் 20, வெள்ளி. வாக்கெடுப்பு.
இடாப்பில் உள்ள வாக்காளர் 1184.
அன்று பாடசாலைக்கு வந்தோர் 1088.
வாக்குச்சீட்டு பெற்றோர் 902.
செல்லுபடியான வாக்கு 884. நிராகரிக்கப்பட்டவை 18.
இஹ்ஸான் 456. ஹிமாயா 428. வித்தியாசம் 28.
பாடசாலை அறிவித்த வாக்களிப்பு வீதம் 98.

கடைசி வரியைக் கண்டபோதுதான் நஸ்லின் டீச்சருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அதற்கு முன்பும் கோபம் இருந்தது. ஆனால் அது அடக்கி வைத்த கோபம். அறிவித்தல் பலகையில் அந்த 98 ஐப் பார்த்ததும், கையிலிருந்த வெண்கட்டியை நிலத்தில் போட்டு மிதித்தார்.

நஸ்லின் கல்முனைக்குடிப் பெண். கணவர் ஸிராஜ் பஸ் டிப்போவில் வேலை. பிள்ளைகள் இரண்டு. பதினாறு வருடமாகக் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறார். பரீட்சைக்கு விருப்பப் பாடம். "சும்மா மனப்பாடம் பண்ணிப் பாஸாகலாம்" என்று பிள்ளைகள் எடுக்கும் பாடம். அப்படி எடுத்தவர்களை அவர் சும்மா விடுவதில்லை. தேர்தல் காலத்தில் அரசாங்கம் ஆசிரியர்களை வாக்குச்சாவடிகளுக்கு அனுப்பும். நஸ்லின் ஒரு தேர்தலையும் சாக்குச் சொல்லித் தட்டியதில்லை.

கடைசியாக அனுப்பியது வினாயகபுரத்துக்கு. பின்னேரம் நாலு மணிக்கு வாக்களிப்பு முடியும். நாலு அடிக்கக் கொஞ்சம் இருக்க, கடலுக்குப் போய்த் திரும்பிய கோலத்தோடேயே வேலப்போடி என்ற கிழவர் வரிசையின் வாலில் வந்து நின்றார். அவருக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். நாலு அடித்தது. பொலிஸ்காரர் படலையைச் சாத்தினார், வரிசையை உள்ளே வைத்துத்தான்.

"தங்கச்சி, நேரம் போயிற்று. என்னப் போகச் சொல்லப் போறயளோ?" என்றார் கிழவர்.

"இல்ல அப்பா. நாலு மணிக்கு வரிசையில நிண்ட ஆளுக்கு வோட்டு இருக்கு. எத்தின மணி ஆனாலும் நீங்க போட்டுத்தான் போகணும்."

அது சட்டம். அதில் கருணை ஒன்றும் இல்லை. இதைத்தான் நஸ்லின் தரம் பதினொன்று வகுப்பில் படிப்பித்தார். இதைத்தான் ஜூன் இருபதாந் திகதி அவருடைய பாடசாலை காலில் போட்டு மிதித்தது.

அந்த வருடச் செயற்றிட்டத்துக்கு மாணவர் மன்றத் தேர்தலையே எடுப்பது என்று வகுப்பு முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. இரண்டு கேள்விகள். எத்தனை பேர் வாக்களித்தார்கள்? பிரச்சாரம் இரு பக்கமும் சமமாக நடந்ததா? குழுவுக்குத் தலைவி ஸம்றா. வாய் கொஞ்சம் நீளம். வேலையில் பிசகு இல்லாத பிள்ளை. பிரச்சார வாரம் முழுவதும் சுவரொட்டிகளை எண்ணினார்கள். ஒலிவாங்கியில் எந்த வேட்பாளரின் குரல் எத்தனை தடவை கேட்டது என்பதையும் குறித்தார்கள். வாக்கெடுப்பு நாளில் வகுப்பு வகுப்பாக வந்தவர், வாக்களித்தவர் என்று பிரித்து எழுதினார்கள். யாருக்கு வாக்களித்தாய் என்று மட்டும் ஒருவரிடமும் கேட்கக் கூடாது என்பது நஸ்லினின் கட்டளை. இரகசிய வாக்கு என்றால் இரகசியம்தான்.

வெள்ளிக்கிழமையைத் தெரிவு செய்தவர் அதிபர் மஜீட். ஜும்ஆத் தொழுகைக்காக அன்று பாடசாலை வேளையோடு விடும். பாடநேரம் வீணாகாது என்பது அவர் கணக்கு. மண்டபத்தில் வாக்களிக்க இரண்டு மறைப்புகள் மட்டும் வைத்தார்கள். குளித்து முழுகிப் பள்ளிவாசலுக்குப் போக வேண்டுமே என்று ஆண் பிள்ளைகளை முதலில் விட்டார்கள். பிறகு சிறிய வகுப்புப் பெண் பிள்ளைகள். பெரிய வகுப்புப் பெண்கள் ஐந்து வகுப்பும் கடைசி. வெயிலில், சுவர் ஓரமாக, பர்தாத் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டு நின்றார்கள். மணி அடித்தது. மண்டபக் கதவைச் சாத்தினார்கள், வரிசையை வெளியே வைத்து.

"சரி சரி, ஊட்ட போங்க புள்ளையள். நேரம் முடிஞ்சி" என்றார் அதிபர்.

"சேர், நாங்க பத்து மணியிலரிந்து நிக்கம்" என்றாள் ஸம்றா.

"அதுக்கு நான் என்ன செய்ய? ஜும்ஆவ நிப்பாட்டவா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு யார் வாய் திறப்பார்? நூற்று அறுபத்தொரு பெண் பிள்ளைகள் கலைந்து போனார்கள். மேல் மாடியில் தரம் ஆறுக்குக் காவல் இருந்த நஸ்லின் இறங்கி வருவதற்குள் பெட்டிக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. இன்னும் இரண்டு மறைப்பு வைத்திருந்தால் மணி அடிக்க முன்பே எல்லாம் முடிந்திருக்கும். பெண்கள் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போவதில்லை. திங்கட்கிழமை வைத்திருந்தாலும் வானம் இடிந்திருக்காது.

திங்கட்கிழமைதான் அந்த 98 பலகையில் ஏறியது. வாக்குச்சீட்டு வாங்கியவர்களைக் கொண்டு செல்லுபடியான வாக்குகளைப் பிரித்திருக்கிறார்கள். சீட்டே கிடைக்காதவள் அந்தக் கணக்கில் பிறக்கவே இல்லை. வாக்களிப்பு வீதம் என்றால் இடாப்பில் உள்ள அத்தனை பேரையும் கொண்டு பிரிக்க வேண்டும். பிரித்தால் 76.2. செயற்றிட்டத்தின் முதற் பக்கத்தில் ஸம்றா அதை எழுதினாள். அதற்குக் கீழே, வரிசைக்கே வராதவர் 25, வாக்களிக்க விடப்படாதவர் 161, வெற்றியின் வித்தியாசம் 28 என்று எழுதி, "எனவே முடிவு மாறியிருக்கும் என்று எம்மால் கூற முடியாது, மாறியிராது என்று எவராலும் கூற முடியாது" என்று முடித்தாள். அந்த வசனத்தில் நஸ்லின் ஓர் எழுத்தையும் தொடவில்லை.

இரண்டாம் பக்கந்தான் தீ. ஹிமாயாவின் சுவரொட்டிகள் பெண்கள் பக்கத்தில் மட்டும் ஒட்டியிருந்தன; பெண் பிள்ளைகள் ஆண்கள் கட்டடத்துக்குப் போகத் தடை. இஹ்ஸானுடையவை இரண்டு பக்கமும். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பேச்சு என்பது விதி. அதை இருவரும் மீறவில்லை. ஆனால் பிரச்சாரம் நடந்த நாலு நாளும் காலைக் கூட்டத்தில் கிறாஅத், அதாவது குர்ஆன் வசனம், ஓதியது இஹ்ஸான். வழக்கத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை ஓதும். அந்த வாரம் மட்டும், "இப்போது கிறாஅத், மாணவர் இஹ்ஸான்" என்று நாலு காலையும் முழுப் பாடசாலைக்கும் கேட்டது. இனிய குரல். சின்னப் பிள்ளைகள் அந்தக் குரலை வைத்தே அவனை அறிந்தார்கள்.

ஜூலை மாதம் அறிக்கை அதிபரின் மேசைக்குப் போனது. வலய மட்டக் கண்காட்சிக்கு அனுப்ப அவருடைய கையொப்பம் வேண்டும். மறுநாளே அழைப்பு வந்தது. உள்ளே அதிபரோடு காலிதீன் ஹாஜியார் இருந்தார். பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர். மண்டபத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். இஹ்ஸானின் பெரியவாப்பா.

"என்ன டீச்சர், கிறாஅத் ஓதினதும் உங்களுக்குக் குத்தமாப் போயிற்றா?" என்று ஹாஜியார் தொடங்கினார். "அல்லாஹ்ட கலாம் பிரச்சாரமாம்! ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. சிரிச்சாப் பறவால்ல, சும்மா உடமாட்டாங்க."

அந்தச் சொல் கடைத்தெருவுக்குப் போனால் என்ன ஆகும் என்று நஸ்லினுக்குத் தெரியும். ஸிராஜால் டிப்போவில் தலை நிமிர முடியாது. ஆனாலும் சொன்னார்.

"ஹாஜியார், ஓதினதில ஒரு பிழையும் இல்ல. நல்லாத்தான் ஓதினாரு. மத்த வாரமெல்லாம் அஞ்சு வகுப்புப் புள்ளையள் ஓதுற, அந்த வாரம் மட்டும் ஒரு வேட்பாளர் ஓதினது ஏன் எண்டுதான் கேக்கம். குர்ஆனக் கொண்டு வோட்டுத் தேடினது நாங்களா?"

"வாயப் பாத்துக் கதைங்க!"

"பாத்துத்தான் கதைக்கன்."

அதிபர் இடையில் விழுந்தார். "டீச்சர், ரெண்டாம் பக்கத்த எடுத்திருங்க. வீதத்தத் தொண்ணூத்தெட்டு எண்டு போடுங்க. நான் இப்பவே சைன் வெக்கன். இல்லாட்டி இது கண்காட்சிக்குப் போகாது."

"அந்த நூத்தி அறுபத்தொரு புள்ளையள எங்க போடுற சேர்?"

ஹாஜியார் சிரித்தார். "பொம்புளப் புள்ளையள்ற வோட்டு உழாட்டி மன்றம் இடிஞ்சி உழுந்திருமா? கலியாணம் முடிச்சிப் போற புள்ளையள்."

"உங்கட கூரைக்குக் கீழதான் ஹாஜியார் அவங்கள நிக்க உடல்ல. வெயில்ல நிண்டாங்க."

அப்போது அதிபர் ஒரு பிழை செய்தார். எல்லாம் தற்செயல் என்று பையனே சொல்லட்டும் என்று நினைத்து இஹ்ஸானைக் கூப்பிட்டார். குர்ஆனை மனனம் செய்து ஹாபிழாவதற்கு ஓதுகிற பிள்ளை. பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. வாசலில் நின்று, நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்:

"நீங்கதானே சேர் நாலு நாளும் ஓதச் சொன்ன. எலக்சன் முடியும் வர நீயே ஓது, புள்ளையளுக்கு உன்னத் தெரியணும் எண்டு சொன்னீங்க."

"போ, வகுப்புக்குப் போ!" என்றார் அதிபர்.

போக முன் அவன் நஸ்லினைப் பார்த்தான். "டீச்சர், ஹிமாயா தாத்தாட்டச் சொல்லுங்க, நான் கேட்டு எடுக்கல்ல எண்டு." ஹிமாயா அவனுக்கு மூத்தவள்; அக்காவை அந்த ஊரில் தாத்தா என்பார்கள்.

நஸ்லின் அறிக்கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதிபர் கையொப்பம் வைக்கவில்லை. கண்காட்சிக்கு இறுதி நாள் போய்விட்டது. வகுப்பில் ஸம்றா எழுந்து நின்று கேட்டாள்: "இப்ப என்ன டீச்சர், எங்கட வேலையக் கடலைக்காரனுக்குச் சுத்தக் குடுக்கவா?"

"குடுக்கிறல்ல. ஒரு எழுத்தும் மாத்தாம அனுப்புவம்."

வகுப்பில் இருந்த இருபத்திரண்டு பேரும் கையொப்பம் இட்டார்கள். முதற் கையொப்பம் நஸ்லினுடையது. பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டு ஒளிபவர் அல்ல அவர். ஐந்து வகுப்புக்கும் வேறாக வாக்கெடுப்பு நடத்துமாறு கேட்டு, பதிவுத் தபாலில் வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பினார். அன்றிரவு ஸிராஜ் சோற்றைப் பிசைந்தபடி, "என்னகா, ஊரோட பகைக்கணுமா?" என்று கேட்டார். "நீங்க வரிசையில நிண்டு, முகத்துல கதவச் சாத்தினா என்ன செய்வீங்க?" என்றார் நஸ்லின். ஸிராஜ் சாப்பிட்டு எழுந்தார். மறுநாள் டிப்போவில் யாரோ கிறாஅத் கதையை எடுத்தபோது, "என்ட பொஞ்சாதி அஞ்சி வேளையும் தொழுறவ. நீ விடியச் சுபஹு தொழ எழும்புறயா?" என்று கேட்டு வாயை அடைத்தார் என்று பிறகு தெரியவந்தது.

முதற் கடிதம் ஓகஸ்ட்டில் வந்தது. அதிபரைத் தாண்டி மேலிடத்துக்கு எழுதியது ஏன் என்று விளக்கம் கோரியது. நஸ்லின் அரைப் பக்கத்தில் பதில் எழுதினார். செப்டெம்பரில் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். அதிபர் அறையில் தேநீர் குடித்தார். ஸம்றாவையும் கூப்பிட்டுக் கேட்டார். இஹ்ஸான் தான் சொன்னதை அங்கேயும் மாற்றாமல் சொன்னான்.

முடிவுக் கடிதத்தில் மூன்று பந்திகள். இனிமேல் மாணவர் மன்றத் தேர்தலை வெள்ளிக்கிழமை நடத்தக் கூடாது; முடிவு நேரத்தில் வரிசையில் நிற்கும் எல்லோரும் வாக்களிக்க விடப்பட வேண்டும்; வேட்பாளர் எவரும் பிரச்சார வாரத்தில் காலைக் கூட்டத்தை நடத்தக் கூடாது. இது முதற் பந்தி. வருடம் முடியப் போவதால் இம்முறை மறுவாக்கெடுப்புக்கு அவசியம் இல்லை. இது இரண்டாவது. சேவையின் தேவை கருதி ஆசிரியை எம். நஸ்லின் ஜனவரி முதல் வேறு பாடசாலைக்கு இடமாற்றப்படுகிறார். இது மூன்றாவது.

நஸ்லின் முதற் பந்தியை வகுப்பில் உரத்து வாசித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஸம்றா தட்டவில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு அவள் அந்தப் பாடசாலையை விட்டுப் போகிறாள். அங்கே அவளுக்கு இன்னொரு வாக்கு இல்லை. "பிழை எண்டு ஒத்துக்கிட்டாங்க, ஆனா எங்கட வோட்ட மட்டும் தரல்ல" என்றாள். நஸ்லின் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. வெண்கட்டியை எடுத்து, கரும்பலகையில் 98 என்று எழுதி, அதன் மேல் குறுக்கே கோடு இழுத்து, பக்கத்தில் 76.2 என்று எழுதினார். பாடம் முடிந்து போகும்போது அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடிதம் வந்தது ஒக்டோபர் 9, வியாழன். வருடம் முடிய இன்னும் எண்பத்து மூன்று நாள்.