உள்ளே ஒரு ஆள்

எனக்குக் கை சும்மா இருக்காது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. எந்த கன்டெய்னர் எங்கே நிற்கிறது, லாரி ஏன் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை என்று நாள் முழுக்க ஆட்களைக் குடைவதற்குத்தான் சம்பளம். அது போதாதென்று ஒரு கேம் சர்வரையும் கட்டிக்கொண்டு மாரடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த ஏழெட்டுப் பேர் நாங்கள். ஒருவன் கப்பலில், ஒருவன் வளைகுடாவில், மற்றவர்கள் இங்கே. கட்டை கட்டையாக அடுக்கி ஊரே கட்டும் விளையாட்டு அது. மும்பையில் வாடகைக்கு எடுத்த ஒரு கம்ப்யூட்டரில் ஓடியது. கட்டுகிறவர்கள் அவர்கள், சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் நான்.

விளையாட்டுக்குள் நுழையாமல் வெளியில் இருந்தே சர்வருக்கு உத்தரவு போட ஆர்கான் என்று ஒரு வழி உண்டு. ‘லிஸ்ட்’ என்று அடித்தால் உள்ளே யார் யார் என்று சொல்லும். ‘ஸ்டாப்’ என்றால் நின்றுவிடும். அதன் பாஸ்வேர்ட் எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே நெட்டில் போகும் என்பதால், அந்தக் கதவை வெளியுலகத்துக்கு அடைத்து வைத்திருந்தேன். முதலில் மும்பைக் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக நுழைந்து, அங்கிருந்துதான் ஆர்கானோடு பேசுவேன். எல்லாம் செல்போனில்தான்.

அதே கம்ப்யூட்டரில் தானாகவே வேலை செய்யும் ஒரு சின்ன நிரலை, பாட் என்பார்கள், எழுதி ஓடவிட்டிருந்தேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆர்கானிடம் ‘லிஸ்ட்’ கேட்கும். ஆள் கூடினாலும் குறைந்தாலும் எங்கள் சாட் குழுவில் ஒரு வரி போடும்: உள்ளே இத்தனை பேர், இன்னார் இன்னார். சாயங்காலம் அந்த வரியைப் பார்த்துத்தான் ஒவ்வொருத்தனாக உள்ளே போவான்கள்.

ஒருநாள் காலையில் ஆபீசுக்குள் நுழையும்போதே பாட் சொன்னது: உள்ளே ஒரு ஆள். வளைகுடாக்காரன். அவனுக்கு அங்கே டூட்டி நேரம். லீவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அவன். அதற்கடுத்த நாளும் அவன். காலையில் வந்தால் சாயங்காலம்வரை போவதில்லை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு ஆள் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதையும் ஆர்கானில் கேட்கலாம். மூன்று எண்கள் வரும். கேட்டேன். நாங்கள் கட்டிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர், அதன் கடைசி நுனி. அரை மணி கழித்துக் கேட்டேன். அதே மூன்று எண்கள். மத்தியானம் கேட்டேன். புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்கூட மாறவில்லை.

“போனுக்குள்ள என்னடே, கோழியா அடை வச்சிருக்க, இப்படி எட்டி எட்டிப் பாக்க?” என்றார் பக்கத்து மேசை அண்ணாச்சி.

லேப்டாப்பைத் திறந்தபடி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆடாமல் அசையாமல் நிற்கிறவனை வெளியேற்றும் வசதி சர்வரில் உண்டு. நான்தான் அதை நிறுத்தி வைத்திருந்தேன். சமாதானம் அரை நாள்கூடத் தாங்கவில்லை. சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் உள்ளே இருப்பவன் வெளியே விழுவான். அவன் தன் கையால் பட்டனை அழுத்தினால்தான் திரும்ப வர முடியும். எனவே ஆர்கானில், ஐந்து நிமிஷத்தில் ரீஸ்டார்ட் என்று உள்ளே ஒரு அறிவிப்புப் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் சேமிக்கச் சொல்லி, ‘ஸ்டாப்’ கொடுத்தேன். சர்வர் நின்று, தானாகவே மறுபடி எழுந்தது. உள்ளே யாருமில்லை என்று பாட் சொன்னது. அடுத்த நிமிஷமே சொன்னது: உள்ளே ஒரு ஆள். அவன்தான்.

ஆக, லேப்டாப்புக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். வேலை நேரத்தில்.

அவன் கல்யாணம் முடித்தது பெரியதாழையில். மனைவியின் தம்பியும் பிற்பாடு எங்கள் குழுவில் சேர்ந்திருந்தான். அன்றைக்கு அந்தத் தம்பி குழுவில் கேட்டே விட்டான்: “என்ன மச்சான், டூட்டி இல்லையா? நாள் முழுக்க உங்க பேருதான் வருது.” கூடவே நாலு சிரிக்கும் மூஞ்சி.

“லேப்டாப்ப அணைக்க மறந்துட்டேன்” என்று பதில் வந்தது.

அது பொய் என்று அந்தக் குழுவில் எனக்கு மட்டும் தெரியும். வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை என்று புரிந்துவிட்டது. தம்பிக்காரன் விளையாட்டுப்போல அக்காவிடம் ஒரு வார்த்தை விட்டால் போதும், விஷயம் வீட்டுக்குப் போய்விடும். அவன் வாயால் சொல்ல வேண்டியதை என் பாட் சொல்லிவிடுமே என்று பதறிப்போனேன். பாட் நிரலில் பெயர்கள் வரும் துண்டை வெட்டி எறிந்தேன். இனிமேல் எண்ணிக்கை மட்டும். நண்பனின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் போய் ஒரு டீ குடித்தேன். அவனுக்குப் போன் செய்யத் தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் எரிகிறது.

மறுநாள் சாயங்காலம் பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது அவனே கூப்பிட்டான். ஓரமாக நிறுத்தினேன்.

“ஏலே, பாட்ல ஏன் என் பேரை எடுத்த?”

“ஒன் பேரை மட்டுமா எடுத்தேன்? எல்லார் பேரையுந்தாம்லே.”

“பகல்ல என்னத் தவிர எவன் இருக்கான்?”

“ஒனக்காகத்தாம்லே எடுத்தேன். ஒன் மச்சினன் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்குல்லா.”



“அப்போ ஒனக்குத் தெரியும்” என்றான்.

“தெரியும்.”

“தெரிஞ்சும் கேக்கல.”

வேலை நடந்த சைட்டை மூடிவிட்டார்கள், அடுத்த வேலை எப்போது என்று யாரும் சொல்லவில்லை, ரூமில் எல்லாரும் விடிந்ததும் போய்விடுகிறார்கள் என்று அவனே சொன்னான். “தனியா கெடக்க முடியலலே. எவனாச்சும் பேரைப் பாத்துட்டு, ஏன்லே இந்த நேரத்துல நிக்கன்னு கேப்பான்னுதான் போய் நின்னேன். மச்சினன் சிரிச்சிட்டுப் போறான். நீ என்ன சொன்ன? சர்வர் ரீஸ்டார்ட்டுன்னு சொன்ன.”

“நான் தெனம் ஒன்னயப் பாத்துட்டேதாம்லே இருந்தேன்.”

“எங்கன இருந்து? ஒன் பேரு ஒரு நாளாச்சும் அந்த லிஸ்ட்ல வந்திருக்கா?”

வந்ததில்லை. ஆர்கான் வழியாக வருகிறவன் ஆள் கணக்கில் சேர மாட்டான். அவன் நின்ற இடத்தைப் புள்ளி பிசகாமல் சொல்லத் தெரிந்த எனக்கு, அவன் பக்கத்தில் போய் நிற்கத் தெரியவில்லை. கோபம் என் மேல்தான் வந்தது.

“பேரைத் திரும்பப் போடுலே” என்றான்.

“மச்சினன் பாப்பானே?”

“பாக்கட்டும். இன்னைக்கு அவகிட்ட நானே சொல்லிருதேன்.”

வீட்டுக்குப் போய் பாட் நிரலைப் பழையபடி ஆக்கினேன். அடுத்து வழக்கம்போல ஆர்கானைத் திறக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். தூசி படிந்து கிடந்த மவுஸை எடுத்து, விளையாட்டுக்குள்ளேயே போனேன். எத்தனையோ மாதமாக நான் காப்பாற்றிவந்த ஊரில் எனக்கு வழி தெரியவில்லை. தட்டுத் தடுமாறி, இரண்டு தடவை தண்ணீரில் விழுந்து, அலைத்தடுப்புச் சுவரைப் பிடித்து நடந்தேன். நுனியில் கடலைப் பார்த்து நின்றிருந்தவன் திரும்பினான்.

“வந்துட்டியாலே” என்று டைப் அடித்தான்.

“வந்துட்டேன். சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றான்.