ஒத்துப்போகாத சான்றிதழ்

கிடங்கு மேற்பார்வையாளரான அவரைத் தெருவே "இன்ஜினியர்" என்று கூப்பிடும். அப்படிக் கூப்பிடச் சொன்னவர் அவரேதான். பன்னிரண்டு வருடம் வாய்ச்சவடாலிலேயே வண்டி ஓட்டியவர். வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்துப் பட்டம் வாங்கிய மனைவி ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "படிச்சவன் பேசும்போது குறுக்கே வராதே" என்பார்.

பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து நியமனக் கடிதம் வந்தது. சான்றிதழ்கள் சரிபார்க்கப்பட்ட பிறகே நியமனம் உறுதியாகும் என்று மூன்றாம் பத்தியில் தெளிவாக இருந்தது. முதல் பத்தியில் சம்பளத்தைப் பார்த்ததோடு அவர் படிப்பை நிறுத்திக்கொண்டார். மறுநாளே பழைய வேலையை உதறினார்.

மூன்று வாரம் கழித்து அந்த நிறுவனத்தின் மனிதவள அதிகாரி அவரை நேரில் அழைத்தாள்.

"சார், நீங்க அந்தக் காலேஜ்ல படிச்சது உண்மைதான். ஆனா கடைசி வருஷம் ரெண்டு பேப்பர் பாஸ் ஆகல, பட்டம் குடுத்ததா பதிவும் இல்லைன்னு பல்கலைக்கழகம் சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?"

"அவங்க ஃபைலை எலி தின்னிருக்கும், மேடம்."

"இருக்கலாம். ஒரிஜினலைக் கொண்டு வாங்க, திரும்பவும் கேட்டுப் பார்க்கிறோம்."

"அது அஞ்சு வருஷம் முந்தி வெள்ளத்துல போயிடுச்சே."

"அப்போ போன மாசம் ஸ்கேன் பண்ணி அனுப்பினது எது, சார்?"

அவர் தண்ணீர் கேட்டார். பல்கலைக்கழகத்திலிருந்தாவது கடிதம் வாங்கி வர ஐந்து வேலைநாள் கொடுத்தார்கள். அவர் கொண்டுவந்தது, தன் திறமையைத் தானே மெச்சி எழுதிய மூன்று பக்கம்.

நேர்காணலில் அவர் பேச்சுக்கு வாயைப் பிளந்த துறைத் தலைவர், இப்போது அரிச்சந்திரன் வாரிசாகிவிட்டார். "போலின்னு எழுதித் தள்ளும்மா!"

"போலியா, வேற குழப்பமான்னு நமக்குத் தெரியாது, சார். ஒத்துப்போகலைங்கிறதுதான் தெரியும். தெரிஞ்சதை மட்டும் எழுதுவோம்" என்றாள் அதிகாரி.

அப்படியே எழுதினாள்: "தாங்கள் அளித்த பட்டச் சான்றிதழின் விவரங்கள் பல்கலைக்கழகப் பதிவுகளுடன் ஒத்துப்போகவில்லை. அளித்த அவகாசத்திற்குள் ஆதாரம் கிடைக்காததால் நியமனத்தைத் திரும்பப் பெறுகிறோம். வேறுபாட்டின் காரணம் பற்றி நாங்கள் எந்த முடிவுக்கும் வரவில்லை."

கண்ணியமான கடிதம். அதையும் அவர் பதக்கமாகக் குத்திக்கொண்டார். வீட்டுக் கூடத்தில் நின்று கடைசி வரியை மனைவிக்கு உரக்கப் படித்தார். "பார்த்தியா? ஒரு குத்தம் சொல்ல முடியல அவங்களால! என்னை வச்சிக்க அவங்களுக்குக் குடுத்து வைக்கல."

அவள் கடிதத்தை வாங்கி முழுதும் படித்தாள்.

"அவங்க மரியாதை தெரிஞ்சவங்க, அதான் குத்தம்னு எழுதல. உங்களுக்கு ரெண்டு பேப்பர் பாக்கின்னு எனக்கு எப்பவோ தெரியும், அதை இப்பவாவது எழுதப் பாருங்க. பாடம் புரியலைன்னா கேளுங்க, நான் சொல்லித் தர்றேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த மாதம் வேறொரு கிடங்கில் சேர்ந்தார். விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில், இத்தனை வருடத்தில் முதல் முறையாக, பள்ளிப் படிப்பை மட்டும் எழுதினார். திருந்தி அல்ல, அங்கேயும் சரிபார்ப்பார்களாம்.