காசியிலிருந்து வந்த மருந்துச்சீட்டு

காசியாத்திரையிலிருந்து என் மனைவி கொண்டுவந்தவை கங்கை நீரும், உடல் முழுவதும் அரிப்பும். சொறியும்போதெல்லாம் அவள் வளையல்கள் ஓயாது ஒலித்தன. அங்கே மருத்துவர் அளித்த மாத்திரைகள் அட்டையிலிருந்து வெட்டப்பட்ட துண்டுகளாய், பெயரின்றிக் காகித உறையில் வந்தவை. அவை தீர்ந்தன, அரிப்பு தீரவில்லை. மருந்துச்சீட்டோ வண்டியிலேயே தொலைந்தது. எஞ்சியது என் கைப்பேசியில் எடுத்த நிழற்படம். அதில் யாவும் இந்தியில், மருத்துவரின் விரைந்த கையெழுத்தில்.

கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியிடம் படத்தைக் காட்டினேன். அது 'ஹைட்ராலசின் 25, இரவில் ஒன்று' என்றது. அதனை ஒரு தாளில் திருத்தமாகத் தமிழில் எழுதிக்கொண்டு, இருவருமாக திருநெல்வேலி டவுண் கீழரத வீதியிலுள்ள மருந்துக்கடைக்குச் சென்றோம். மருந்தாளுநர் எங்கள் நெடுநாள் நண்பர்.

தாளைப் படித்தவர் நிமிர்ந்தார். "அண்ணாச்சி, எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஆனா மதினிக்கு என்ன செய்யுது?"

"அரிப்பு" என்றாள் அவள், முழங்கையைச் சொறிந்தபடி.

"இது ரெத்தக்கொதிப்புக்குள்ள மாத்திரையில்லா! மதினி, நீங்கதான் ஏற்கெனவே அதுக்கு ரெண்டு போடுதீயளே. இதயும் சேத்தா அழுத்தம் சடார்னு இறங்கி, எந்திச்சு நிக்கையில மயங்கி விழுந்திருவீய."

செயலி அவ்வாறே கூறியது என்றேன்.

"அது படத்த வாசிக்கும், மதினிக்கு என்ன நோவுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? இங்கன காட்டுங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அரிப்புக்கு ஹைட்ராக்சிசின்னு ஒண்ணு இருக்கு, அதுவும் இருபத்தஞ்சுல வரும். அதுவாத்தான் இருக்கும். ஆனா இருக்கும்னு நெனச்சு நான் மருந்து கொடுக்க மாட்டேன்."

படத்தில் சீட்டின் தலைப்பிலிருந்த எண்ணில் காசி மருத்துவரை அழைத்துப் பேசினார். இந்தியும் ஆங்கிலமும் அவர் வாயில் திருநெல்வேலித் தமிழாகவே ஒலித்தன. என் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தாள். மருந்து இன்னது, நோய் இன்னது, அவள் உட்கொள்ளும் பிற மாத்திரைகள் இவை என ஒவ்வொன்றாய்ச் சொல்லிச் சரிபார்த்தார். சற்று நேரத்தில் மருத்துவரிடமிருந்து அவர் கைப்பேசிக்கே, தெளிவாகத் தட்டச்சுச் செய்த புதிய சீட்டு வந்தது: ஹைட்ராக்சிசின். அளவு மட்டும், அவளது வயதை முன்னிட்டு, பத்தாகக் குறைக்கப்பட்டிருந்தது.

"தூக்கம் அசத்தும் மதினி. ராத்திரி எந்திச்சா அண்ணாச்சி கையப் பிடிச்சுக்கிட்டு பையப் போங்க. நாலு நாள்ல கேக்கலன்னா இங்க உள்ள டாக்டரப் பாத்திரணும்."

"கையப் பிடிக்கச் சொல்லி சீட்டுல எழுதிக் கொடுங்க தம்பி. எழுதுனதத்தான் இவுக நம்புவாக" என்றாள் அவள்.

அவரும் சிரிக்காமல் மாத்திரை உறையின்மேல் எழுதிக் கொடுத்தார்.

அன்றிரவு அவள் எழுந்தபோது உறையைப் படிக்காமலேயே கையை நீட்டினேன். திரும்பி வந்து படுத்தவள் உடனே உறங்கிவிட்டாள். வளையல்கள் ஒலிக்கவில்லை.