ராக்கோழிக்கு ஒரு மெயில்

எங்கள் குளிர்பதனக் கிடங்கின் கண்ட்ரோல் ரூமில் ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர். பகலில் பகலக்கா, இரவில் ராக்கோழி. அவர்களே ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்ட பேர்கள் அவை. அவனுடைய பஸ் கிளம்பிய பிறகுதான் இவளுடைய பஸ் வரும்; சாயங்காலமும் அதே கதைதான். நடுவில் வாட்ச்மேன் தன் ஸ்டூலைப் போட்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கொள்வார். ஆறு வருஷமாகியும் நேரில் பார்த்துக்கொண்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பழக்கமெல்லாம் மெயிலில்தான்.

நான் அதே ரூமில் பில்லிங் பார்ப்பவள். எனக்கு வாய் நீளம் என்பார்கள். இருக்கட்டும், யாருக்கு நஷ்டம்?

ராக்கோழி காலையில் அனுப்பிவிட்டுப் போகும் மெயில் இப்படி இருக்கும்: "பகலக்கா, ஏழாம் ரூம் கதவு மறுபடி முனகுது. எண்ணெய் விட்டிருக்கேன். இன்னும் அழுதா மெக்கானிக் அண்ணனைக் கூப்பிடுங்க. டிராயர்ல பிஸ்கட் இருக்கு, பில்லிங்கம்மா கண்ணுல படாம சாப்பிடுங்க." அக்கா அதைச் சத்தமாக எனக்கே வாசித்துக் காட்டிவிட்டு, எனக்கும் ரெண்டு தருவாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "பய இப்பதான் எழுந்து போயிருக்கான், இன்னும் சூடு ஆறல" என்பாள்.

நாலு மாசத்துக்கு முன்னால் அவன் மனைவி இறந்துபோனாள். காய்ச்சல் என்று போனவள் திரும்பி வரவில்லை. அவன் லீவு முடிந்து வந்தான். அதற்கப்புறம் மெயிலில் ரூம் நம்பரும் டிகிரியும் மட்டும்தான். அக்கா ஒரு நாள் நாற்காலியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ராத்திரி பூரா ஆள் உக்காந்த நாற்காலி மாதிரியே இல்லடி, சில்லுனு கிடக்கு" என்றாள். குளிர் ரூமுக்குள் போகும்போது மாட்டிக்கொள்ளும் கோட்டு ஆணியில் தொங்கியது, அதன் தோள் ஈரமாக இருந்தது. எனக்கு முதுகில் என்னவோ ஊர்ந்தது. காட்டிக்கொள்ளாமல், "ஏசியைக் குறைங்க" என்றேன்.

அப்புறம்தான் அலாரம் விஷயம் வெளியே வந்தது. ஒரு ரூமில் குளிர் குறைந்தால் எங்கள் ரூமில் மணி அடிக்கும். டூட்டியில் இருப்பவர் போய்ப் பார்த்துவிட்டு பட்டனை அமுக்கி நிறுத்த வேண்டும். அவன் டூட்டியில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை மணி இருபது நிமிஷத்துக்கு மேல் அடித்திருக்கிறது. சரக்கு தப்பியது அதிர்ஷ்டம். ஆபீசர் அக்காவைக் கூப்பிட்டு, "உங்களுக்குப் பழக்கமானவன். நீங்களே விளக்கம் கேளுங்க. சாயங்காலத்துக்குள்ள ஒழுங்கான பதில் வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார்.

அக்கா வந்து அடித்தாள். முதல் வரி இன்னும் நினைவிருக்கிறது: "தங்கள் பணி நேரத்தில் எச்சரிக்கை மணி உரிய நேரத்தில் கவனிக்கப்படாதது குறித்து, தாங்கள் இன்று மாலைக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கமளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." ஆபீசருக்கும் ஒரு காப்பி. தலைப்பு: விளக்கம் கோருதல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருக்கா எழுதினது இது? கோர்ட்டா?"

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "கேக்குதுடி" என்றாள். "அவரு கேக்கறாரு."

அவர் என்றால் அவள் வீட்டுக்காரர். போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷம் இருக்கும். அச்சாபீஸில் வேலை பார்த்தவர். ஆட்குறைப்பு என்று அவருக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியது பக்கத்து மேஜைக்காரர், தினமும் ஒரே டம்ளரில் டீயைப் பாதி பாதியாகக் குடித்த சிநேகிதர். 'தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்.' வேலை போனதை அவர் தாங்கிக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்து போனைத் திறந்து திறந்து பார்த்து, "எனக்கு அவன் 'தாங்கள்'னா எழுதுறான்? நான் யாருன்னு மறந்துட்டானா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாராம். கடைசிவரை அதே கேள்விதான்.

"இன்னிக்கும் அந்தக் கட்டில் பக்கம் போனா கேக்குது. இப்ப என் கையே அதை அடிச்சிருக்கு பாரு."

நான் எழுதுகிறேன் என்று கீபோர்டை இழுத்துக்கொண்டேன். 'அன்புத் தம்பிக்கு, உன் துயரம் எங்கள் துயரம், காலம் எல்லாக் காயங்களையும் ஆற்றும்...' அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இரங்கல் போஸ்டர் ஒட்டுறியா? நகரு" என்றாள்.

பிறகு ஸ்கிரீனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அவன் இப்ப எதிர்ல வந்து நின்னா நான் என்ன கேப்பேன்?" வாயால் சொல்லிப் பார்த்து, சொன்னபடியே அடித்தாள். தலைப்பை எடுத்துவிட்டு, அந்த முனகல் கதவை நினைத்து 'ஏழாம் ரூம்காரனுக்கு' என்று போட்டாள். ஆபீசரின் காப்பியையும் எடுத்துவிட்டாள். அவரிடம் போய், "முதல்ல நான் தனியா கேக்கறேன் சார், உங்களுக்கான பதில் சாயங்காலம் தனியா வரும்" என்று சொல்லிவிட்டும் வந்தாள். ஒளிப்பு மறைப்பு அவளுக்குப் பிடிக்காது.

"ராக்கோழி, தூங்கி எழுந்ததும் இதைப் பாரு. இந்த வாரம் ரெண்டு தடவை மணி இருபது நிமிஷத்துக்கு மேல அடிச்சிருக்கு. ஆபீசர் பாத்துட்டாரு, சாயங்காலத்துக்குள்ள பதில் கேக்கறாரு, இல்லேன்னா ஆளை மாத்திடுவாரு. இதை நான் மறைக்க முடியாது. மணி அடிச்சா செருப்பைக்கூட மாட்டாம ஓடற ஆளு நீ. காலையில நாற்காலி சில்லுனு இருக்கு, பயமா இருக்கு. எங்கடா போற? எனக்குச் சொல்லு. அவருக்கு என்ன எழுதலாம்னு அப்புறம் ரெண்டு பேரும் யோசிப்போம். பிஸ்கட்டை நிறுத்திட்ட, பில்லிங்கம்மா கோவமா இருக்கா."

"மிரட்டலும் இல்ல, சமாளிப்பும் இல்ல" என்றேன். கடைசி வரியில் என்னை ஏன் இழுத்தாள் என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்கவில்லை.

நாலு மணி வாக்கில் பதில் வந்தது. அக்கா இந்தத் தடவை சத்தமாக வாசிக்கவில்லை. ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினாள்.

"பகலக்கா, டேபிள்ல உக்காந்தா அவ கூப்பிடறா. தண்ணி வேணும்னு கேக்கறா. ஆஸ்பத்திரியில அன்னிக்கு அவ தண்ணி கேட்டப்ப நான் தூங்கிட்டேன். ஏழாம் ரூமுக்குள்ள ஃபேன் சத்தம் பெருசு. அங்க நின்னா அவ குரல் கேக்காது. மணியும் கேக்காதுன்னு எனக்குத் தெரியும்க்கா. திட்டாதீங்க."

அந்தக் குளிரில், தனியாக, கதவை மூடிக்கொண்டு.

அன்றைக்கு அக்கா தன் பஸ்ஸை விட்டுவிட்டு அவனுக்காகக் காத்திருந்தாள். அவன் வந்ததும் மூன்று பேருமாக ஆபீசரிடம் போனோம். உள்ளதை அவனே சொன்னான். ஆபீசர் ரொம்ப நேரம் பேனாவை உருட்டிவிட்டு, ஒரு மெமோவோடு விட்டார். அக்காதான் வழி சொன்னாள்: கொஞ்ச காலம் அவன் பகலுக்கு வரட்டும், இரவை அவள் பார்த்துக்கொள்வாள். "பகல்ல இவ இருக்கா. இவ வாய் ஓயாது. எந்தக் குரலும் கேக்காது." வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாயை ஒருவர் உபயோகமுள்ள பொருளாகச் சொன்னார்.

மறுவாரம் திங்கட்கிழமை காலையில் அவன் பகல் டூட்டிக்கு வந்தான். மெயில் காத்திருந்தது. அவன் வாசிக்க வாசிக்க நானும் எட்டிப் பார்த்தேன்.

"தம்பி, எல்லா ரூமும் சரியா இருக்கு. ஏழு முனகல. டிராயர்ல பிஸ்கட் வெச்சிருக்கேன். ராத்திரி பூரா என் வீட்டுக்காரர் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. நான் எங்கயும் எழுந்து போகல. நீங்க யாருன்னு நான் மறக்கலைங்கன்னு உக்காந்து பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன். விடியறப்ப சும்மா இருந்தாரு. அவ தண்ணி கேட்டா நீயும் ஒரு டம்ளர் எடுத்து வெச்சுப் பாரு."

அவன் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து மேஜை ஓரமாக வைத்தான். பிறகு மெதுவாக உட்கார்ந்தான்.

"நாற்காலி சூடா இருக்கு" என்றான்.